பாக்கி 17 ரன்: ஒரு ஆட்டச் செய்தியைத் திருத்தி எழுதுவது

எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது 1999 சேப்பாக்கம் டெஸ்ட். பெரும்பாலோர் அந்த ஆட்டம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஸ்கோர் அட்டையைக் கையில் கொடுத்து, "நாளைக் காலைப் பேப்பருக்கு எழுதுங்க" என்பேன். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லோரிடமிருந்தும் இதுதான் வரும்:

"சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்ற இந்தியா – பாகிஸ்தான் முதல் டெஸ்ட் போட்டியில் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் வெற்றி பெற்றது. முதலில் பேட் செய்த பாகிஸ்தான் 238 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. கும்ப்ளே 6 விக்கெட் வீழ்த்தினார். அடுத்து ஆடிய இந்தியா 254 ரன் எடுத்தது. சக்லைன் முஷ்டாக் 5 விக்கெட் கைப்பற்றினார். இரண்டாவது இன்னிங்ஸில் பாகிஸ்தான் 286 ரன் எடுத்தது. அப்ரிதி 141 ரன் குவித்தார். வெங்கடேஷ் பிரசாத் 6 விக்கெட் வீழ்த்தினார். 271 ரன் இலக்குடன் களமிறங்கிய இந்தியா 258 ரன்களுக்கு ஆட்டமிழந்து தோல்வியடைந்தது. டெண்டுல்கர் 136 ரன்னும் மோங்கியா 52 ரன்னும் எடுத்தனர். சக்லைன் மீண்டும் 5 விக்கெட் வீழ்த்தினார். டெண்டுல்கர் ஆட்டநாயகனாகத் தேர்வு செய்யப்பட்டார்."

"இதுல தப்பு எங்க சார் இருக்கு?" என்று போன வருஷம் ஒரு பெண் கேட்டாள். தப்பே இல்லை. ஒரு எண்ணையும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு, சேப்பாக்கத்தின் மிக நெருக்கமான முடிவுகளில் ஒன்றைப் பற்றிப் படித்தோம் என்று தோன்றாது. வரவு செலவுக் கணக்கு பார்த்த மாதிரி இருக்கும். கும்ப்ளேயின் ஆறு விக்கெட்டுக்கும் ஒரு வாக்கியம், ஆட்டத்தின் கடைசி அரை மணிக்கும் ஒரு வாக்கியம். பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு சோறு வைப்பதுபோல் செய்தியில் வைக்க முடியாது.

உயிரில்லை என்று சொன்னதும் அடுத்த தடவை வருவது இன்னும் மோசம். "சச்சின் என்னும் சிங்கம் தனியாகப் போராட, கண்ணீர்க் கடலில் மிதந்தது சேப்பாக்கம்!" நங்கூரம் பாய்ச்சுவார்கள், வாணவேடிக்கை காட்டுவார்கள், பந்துவீச்சைப் பதம் பார்ப்பார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: சச்சினை எடுத்துவிட்டு வேறு பெயரையும், சேப்பாக்கத்தை எடுத்துவிட்டு ஈடன் கார்டனையும் போட்டால் வாக்கியம் நிற்குமா? நிற்கும் என்றால் அது இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் வடிவத்தில் எண்களாவது இந்த ஆட்டத்துடையவை. இரண்டாவதில் அதுவும் போயிற்று.

சரி, எங்கே தொடங்குவது? ஸ்கோர் அட்டை இன்னிங்ஸ் வரிசையில் இருக்கிறது. அதனால் செய்தியும் அதே வரிசையில் போகிறது. அந்த வரிசையை முதலில் மறக்க வேண்டும். ஆட்டம் எந்தெந்த இடத்தில் வேறு பக்கம் போயிருக்கலாம் என்று தேட வேண்டும். நான்கு நாளில் அப்படிப்பட்ட இடங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். செய்திக்கு மூன்று போதும்.

என் தேர்வில் முதலாவது, மூன்றாம் நாள் பிரசாத்தின் ஸ்பெல். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275. அப்ரிதிக்கு அது இரண்டாவது டெஸ்ட்தான். 141 வரை போய்விட்டார். இந்தியாவின் முன்னிலை முதல் இன்னிங்ஸில் வெறும் 16 என்பதால், பாகிஸ்தான் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இலக்கில்தான் போய்ச் சேரும். அங்கிருந்து 11 ரன்னுக்குள் ஆறு விக்கெட் சரிந்தது. அவற்றில் ஐந்து பிரசாத்துடையவை. அந்த ஐந்தையும் அவர் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எடுத்தார். "பிரசாத் 6 விக்கெட் வீழ்த்தினார்" என்ற வாக்கியம் இதை மறைத்துவிடுகிறது. ஆறு விக்கெட்டை நாள் முழுக்க ஒவ்வொன்றாக எடுப்பது வேறு, ஐந்தை ஒரே மூச்சில் எடுப்பது வேறு. முந்நூற்றைத் தாண்டும்போலிருந்த இலக்கு 271-இல் நின்றதற்குக் காரணம் அந்தச் சில ஓவர்கள்தான். அதனால் அப்ரிதியின் 141-ஐயும் பிரசாத்தின் ஸ்பெல்லையும் ஒரே வாக்கியத்தில் கட்ட வேண்டும். தனித்தனியே வைத்தால் இரண்டு சாதனைக் குறிப்பு. சேர்த்து வைத்தால் ஒரு திருப்பம்.

இரண்டாவது, டெண்டுல்கர் – மோங்கியா ஜோடி. எழுதுகிறவர்களுக்குத் தலைவலி கொடுப்பது இந்த மாதிரிப் பகுதிதான். விக்கெட் விழவில்லை. மணிக்கணக்கில் இருவர் நின்று ஆடுகிறார்கள். பந்துக்குப் பந்து எழுத இடமும் இல்லை, படிக்கப் பொறுமையும் இருக்காது. "ஆறாவது விக்கெட்டுக்கு 136 ரன் சேர்த்தனர்" என்று முடித்துவிடத் தோன்றும். (டெண்டுல்கரின் ஸ்கோரும் 136 என்பதைப் பார்த்ததும் ஒரு பையன் துள்ளிவிட்டான். இரண்டு எண் ஒத்துப்போனதால் களத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. வெட்டிவிட்டேன்.)

நீண்ட நேரத்தை எழுதும்போது, அந்த நேரத்துக்குள் எது மாறிக்கொண்டே வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, பாக்கி ரன். ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது இந்தியா 82. இன்னும் 189 வேண்டும். மோங்கியா அவுட்டானபோது 218, பாக்கி 53. இரண்டாவது, டெண்டுல்கரின் முதுகு. வலி கூடிக்கொண்டே போனது. ரன் குறையக் குறைய அவரால் நிற்க முடிவதும் குறைந்தது. எதிரெதிர்த் திசையில் போகும் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துவிட்டால் அந்த மதியம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஒரு ஷாட்டைக்கூட வர்ணிக்க வேண்டாம்.

பாக்கி என்று சொன்னேன் இல்லையா, துரத்தலைப் பற்றி எழுதும்போது என் ஒரே பிடிவாதம் அதுதான். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் கணக்குப் போடுவது "எடுத்தாச்சு" எண்ணை வைத்து அல்ல, "எடுக்கணும்" எண்ணை வைத்து. ஏழாவது விக்கெட் 254-இல் விழுந்தது என்று எழுதினால் படிப்பவர் 271-இலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். 17 ரன் பாக்கி இருக்கும்போது விழுந்தது என்றால் கழிக்க வேண்டிய வேலை இல்லை. கூடவே அந்த இடத்தின் கனமும் வந்துவிடுகிறது.

மூன்றாவது இடம் அந்த ஏழாவது விக்கெட்டேதான். இதற்கு மட்டும் நாங்கள் ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொள்வோம். முதல் வடிவம் எப்போதும் இப்படி இருக்கும்:

"டெண்டுல்கர் 136 ரன் எடுத்திருந்தபோது சக்லைன் பந்தில் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்து ஆட்டமிழந்தார்."

ஸ்கோர் அட்டையில் உள்ள ஒரு வரியைப் பேச்சாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது வீடியோவைப் போட்டுப் பார்ப்போம். சக்லைன் ஆஃப் ஸ்பின்னர். வலது கை ஆட்டக்காரருக்கு அவர் பந்து உள்ளே திரும்பும். ஆனால் அவரிடம் தூஸ்ரா இருந்தது. கை ஏறக்குறைய அதே மாதிரி வரும், பந்து மட்டும் வெளியே விலகும். டெண்டுல்கர் அதை லெக் பக்கம் தூக்கி அடிக்கப் போனார். பேட்டின் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது, பந்து எதிர்ப்பக்கம் போகிறது. அதனால் பட்டது நடுவில் அல்ல, முன் விளிம்பில். அடிக்க நினைத்த பக்கத்துக்கு நேர் எதிராக, ஆஃப் பக்கம், செங்குத்தாக மேலே ஏறியது. பந்து இறங்கும் இடத்தில் நின்றவர் பாகிஸ்தான் கேப்டன்.

இதில் எவ்வளவு எழுதலாம்? பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். தூஸ்ராவுக்கு மட்டும் நாலு வாக்கியம் விளக்கம். வேகம் செத்துவிடும். பந்து மேலே இருக்கும் நேரத்தில் பாடம் நடத்தக் கூடாது. விளக்கம் தேவையென்றால் அதை முன்னாலேயே, சக்லைன் பெயர் முதலில் வரும் இடத்திலேயே, கொடுத்துவிட வேண்டும். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் மூன்றாவது பந்திலேயே ரன் எடுக்காமல் அவுட்டானதும் இதே சக்லைனிடம்தான். அதைச் சொல்லும் இடத்தில் தூஸ்ராவையும் அறிமுகம் செய்துவிட்டால், நான்காம் நாள் அந்தப் பந்து வரும்போது வாசகருக்கு அது புதிது அல்ல. விளிம்பில் பட்டது என்றாலே போதும்.

காரணம் முன்னால், விளைவு பின்னால் என்பதும் இதே கதைதான். "ஏன் இவ்வளவு பொறுமையா ஆடினவர் அந்த நேரத்துல தூக்கி அடிச்சார்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைக்கு நாடு முழுக்கக் கேட்ட கேள்வி. முதுகுவலியைப் பற்றி முந்தைய பத்தியில் சொல்லியிருந்தால், இனி நெடுநேரம் நிற்க முடியாது, சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறார் என்பது வாசகருக்குத் தானாகவே புரியும். சொல்லாமல் விட்டால், ஷாட்டுக்குப் பிறகு நாம் வந்து வக்காலத்து வாங்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு ஆபத்து வரும். ஆட்டம் முடிந்ததும் டெண்டுல்கர் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார் என்பதும், பரிசு வாங்க வெளியே வரவில்லை என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். எல்லாப் பயிற்சிக் கட்டுரையிலும் அந்த அழுகை கட்டாயம் இருக்கும். நான் கேட்பேன்: நீங்கள் பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவுக்குப் பின்னால் நடந்ததை எப்படிப் பார்த்தீர்கள்? ஆட்டநாயகன் பெயரை அறிவித்தார்கள், ஆள் வரவில்லை. அது பார்த்தது. அதை எழுதுங்கள். அழுதது பிற்பாடு தெரிந்தது. பல வருஷம் கழித்து எழுதும் கட்டுரைக்கு அது சரி, நாளைக் காலைப் பேப்பருக்குச் சரிவராது. அதேபோல "இன்னும் நாலு பவுண்டரிதான் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டார்" என்று ஆட்டக்காரரின் தலைக்குள் புகுந்து எழுதுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிரோட்டத்துக்காகப் பொய்யைச் சேர்ப்பதைவிட உப்புச்சப்பில்லாத செய்தியே மேல்.

கங்குலி அவுட்டான விதமும் இப்படித்தான் சங்கடம். அவர் அடித்த பந்து அருகில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டு எழும்பி மொயின் கான் கைக்குப் போனது. நடுவில் தரையைத் தொட்டதா என்று சர்ச்சை. நடுவர்கள் ஸ்டீவ் டன்னும் வி.கே.ராமசாமியும். அவுட் கொடுக்கப்பட்டது. செய்தியில் அதற்கு ஒரு வரி தர வேண்டும். "சர்ச்சைக்குரிய முறையில்" என்று பூசிவிடாமல், பந்து எங்கே பட்டு எங்கே போனது என்றே சொன்னால் வாசகர் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்வார்.

டெண்டுல்கர் போன பிறகு கதை மளமளவென்று முடிகிறது. அங்கே வாக்கியமும் சுருங்க வேண்டும். பாக்கி 17, கையில் மூன்று விக்கெட். நின்றவர் சுனில் ஜோஷி. அடுத்து வருபவர்கள் கும்ப்ளே, ஸ்ரீநாத், பிரசாத். நான்கு ரன்னில் எல்லாம் முடிந்தது. கடைசி விக்கெட் மட்டும் நின்று பார்க்கத் தக்கது. ஸ்ரீநாத் சக்லைனைத் தடுத்து ஆடினார். பந்து பேட்டில் பட்டது. பட்ட பந்து பின்பக்கமாக உருண்டு ஸ்டம்புக்குப் போனது. ஸ்கோர் அட்டையில் அது வெறும் "போல்டு". ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்த யார்க்கரும் அதே "போல்டு"தான். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் செய்தியாளரை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள்.

பிறகு நடந்ததை எங்கே வைப்பது என்பதில் எங்கள் டெஸ்கிலேயே இரண்டு கட்சி உண்டு. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதையே முதல் வாக்கியமாக வைக்கலாம் என்பது ஒரு கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கைதட்டலுக்குக் கனம் கிடைப்பது அதற்கு முன் இருக்கும் பின்னணியால். ஏறக்குறைய ஒன்பது வருஷமாக இரண்டு நாடுகளும் டெஸ்ட் ஆடவில்லை. தொடருக்கு எதிர்ப்பாக டெல்லி கோட்லா ஆடுகளத்தை சிவசேனையினர் தோண்டிப் போட்டார்கள். அதனால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. கடைசி 17 ரன்னைப் பார்த்து முடித்த பிறகு வாசகர் இதைப் படித்தால், தோற்ற கூட்டம் என்ன செய்தது என்பதன் அர்த்தமே வேறு. முதல் வரியில் வைத்தால் வெறும் நல்லிணக்கச் செய்தி.

இத்தனை பேச்சுக்குப் பிறகு நான் கடைசியாகப் பலகையில் எழுதிக் காட்டும் வடிவம் இது:

"பதினேழு ரன் பாக்கி. நான்கு விக்கெட் கையில். ஆறேமுக்கால் மணி நேரமாகக் களத்தில் நின்ற சச்சின் டெண்டுல்கர், முதுகுவலியோடு சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடித்தார். பந்து முன் விளிம்பில் பட்டு மேலே ஏறியது. கீழே வாசிம் அக்ரம் காத்திருந்தார். சேப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை முடிந்த முதல் டெஸ்ட்டில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது.

இந்தியா இந்த இடத்துக்கு வந்ததே பெரிய விஷயம். மூன்றாம் நாள் அப்ரிதியின் 141-ஆல் பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275 என்று இருந்தது. அடுத்த 11 ரன்னில் எல்லோரும் காலி. ஐந்து விக்கெட்டை ஒரு ரன்னும் கொடுக்காமல் எடுத்தார் வெங்கடேஷ் பிரசாத். இலக்கு 271 ஆனது. சொந்த ஊரில் முதல் டெஸ்ட் ஆடிய சடகோபன் ரமேஷையும் லக்ஷ்மணையும் வாக்கர் யூனிஸ் உடனே அனுப்பிவைத்தார். இந்தியா 2 விக்கெட்டுக்கு 6.

ஞாயிறு காலை திராவிடை அக்ரம் போல்டாக்கினார். உள்ளே வரும் பந்தும் வெளியே விலகும் தூஸ்ராவும் கலந்து வீசிய சக்லைனிடம் அசாருதீனும் கங்குலியும் போனார்கள். கங்குலி அடித்த பந்து அருகில் நின்றவர் மேல் பட்டு எழும்பி மொயின் கானிடம் போனது. 5 விக்கெட்டுக்கு 82. இன்னும் 189 வேண்டும். முதல் இன்னிங்ஸில் மூன்றாவது பந்திலேயே சக்லைனிடம் ரன் எடுக்காமல் போன டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் அதை 53-ஆகக் குறைத்தார்கள். அதற்குள் டெண்டுல்கரின் முதுகு பிடித்துக்கொண்டது. 52 ரன்னில் மோங்கியா அக்ரமைத் தூக்கி அடித்து வாக்கரிடம் கேட்ச் ஆனார். இனி நின்று ஆட முடியாது என்ற நிலையில் டெண்டுல்கர் அடித்து முடிக்கப் பார்த்தார். 136 வரை முடிந்தது.

அதற்குப் பிறகு வந்தது நான்கே ரன். கடைசியில் ஸ்ரீநாத் தடுத்த பந்து பேட்டில் பட்டு உருண்டு ஸ்டம்பைத் தொட்டது. சக்லைனுக்கு இந்த ஆட்டத்தில் பத்தாவது விக்கெட். ஆட்டநாயகன் டெண்டுல்கர் மேடைக்கு வரவில்லை.

டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டதால் சென்னைக்கு வந்த டெஸ்ட் இது. அக்ரம் தன் அணியோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது."

முடிவு முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். காலைப் பேப்பர் வாங்குகிறவருக்கு முடிவு நேற்றே தெரியும். அதை ஒளித்துவைத்து வித்தை காட்ட வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது எப்படி என்பது. முதல் இன்னிங்ஸ் ஸ்கோர்கள் இரண்டும் இதில் இல்லை என்பதையும் கவனித்திருக்கலாம். கும்ப்ளேயின் ஆறு விக்கெட்டும் இல்லை. பக்கத்தில் ஸ்கோர் அட்டை அச்சாகும். அவை அங்கே இருக்கும். "கும்ப்ளேவை எப்படி சார் விடலாம்?" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அடுத்த வாரமே டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார், அன்றைக்குப் பக்கம் முழுக்க அவருக்கே கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்வேன்.

விளம்பரம் வந்துவிட்டது, பாதியாக வெட்டு என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது கடைசிப் பயிற்சி. பழக்கதோஷத்தில் எல்லோரும் கீழிருந்து வெட்டுவார்கள். ஸ்ரீநாத்தும் கைதட்டலும் போய்விடும். நான் ரமேஷ், லக்ஷ்மண், திராவிட், அசாருதீன் நால்வரையும் "82-க்குள் ஐந்து விக்கெட்" என்று அடைத்துவிட்டு, மோங்கியா கேட்சையும் எடுத்துவிடுவேன். ரமேஷை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கை தயங்கும். உள்ளூர்ப் பையன், வடசென்னைப் பதிப்புக்காவது விட்டுவைக்கலாமா என்று கேட்டுப் பார்ப்பேன்.